‘பாக்கெட் மணி எவ்வளவு?’ என்னும் வினாவில் உள்ள பிழை

பதின்ம வயதினரின் கைச்செலவுப் பழக்கங்களைப் பற்றி முதுகலை மாணவர்கள் எழுதும் சிறு ஆய்வேடுகளில் பெரும்பாலானவை ஒரே வினாவில் தொடங்குகின்றன: “உனக்கு மாதந்தோறும் எவ்வளவு பாக்கெட் மணி கிடைக்கிறது?” அதன் கீழே நான்கைந்து கட்டங்கள் இருக்கும். ஐந்நூறு ரூபாய்க்குள், ஐந்நூறு முதல் ஆயிரம் வரை, ஆயிரத்துக்கு மேல் என்று அவை விரியும். மாணவர் ஒரு கட்டத்தில் குறியிடுவார். அந்தக் குறி விழுக்காடாகும், விழுக்காடு வரைபடமாகும், வரைபடம் முடிவுரையாகும். அந்த முதல் வினா எதையும் அளக்கவில்லை என்பதே என் வாதம். மாதிரி சிறியது என்பது இத்தகைய ஆய்வுகளின் முதன்மைக் குறையன்று. அளக்கப்படும் பொருளுக்கு அந்த ஊரில் என்ன பெயர் என்று கேட்காமல் அளக்கப் புகுவதே முதன்மைக் குறை.

மொழியியல் படித்துவிட்டுப் பொருளியல் அளவீட்டைப் பற்றிப் பேசுவது எல்லை மீறல் என்று சிலர் கருதக்கூடும். ஆனால் ஒரு வினாநிரல் முதலில் மொழியாலான பொருள். அதன் பிறகே அது கருவியாகிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள பெருமாட்டி ஊராட்சியில் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையிலான அறுபது மாணவர்களைக் கொண்ட ஒரு சிறு ஆய்வை எப்படி வடிவமைக்கலாம் என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இப்பதிவு. ஆய்வின் முடிவுகள் எவையும் இதில் இல்லை. வடிவமைப்பைப் பற்றிய வாதம் மட்டுமே இருக்கிறது.

பெருமாட்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது கேரளத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஊராட்சி. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில், பல நேரங்களில் ஒரே வாக்கியத்தில் புழங்குகின்றன. பொள்ளாச்சிச் சந்தையும் சித்தூர்க் கடைத்தெருவும் அம்மக்களுக்கு ஒருசேர அண்மையில் இருக்கின்றன. வெளியுலகம் இவ்வூராட்சியை அறிந்தது பிளாச்சிமடை வழியாக. 2000ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய கொக்கோ கோலா ஆலையால் நிலத்தடி நீர் கெட்டது என்று கூறி, 2002 ஏப்ரலில் மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004இல் ஆலையின் இயக்கம் நின்றது. நம் ஆய்வுக்கும் இதனோடு ஒரு தொடர்பு உண்டு. செலவுப் பட்டியலில் ‘குளிர்பானம்’ என்று ஒரு கட்டத்தை அச்சிட்டுக் கொடுத்தால், வேறு ஊர்ப் பிள்ளை எளிதாகக் குறியிடும். இந்த ஊர்ப் பிள்ளை, கேட்பவர் எந்த நோக்கத்தோடு கேட்கிறார் என்று ஒரு கணம் எண்ணக்கூடும். ஓர் ஊரின் வரலாறு வினாநிரலின் ஒரு கட்டத்துக்குள்ளும் வந்து அமர்ந்துகொள்ளும் என்பதற்கு இது சான்று.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ‘பாக்கெட் மணி’ என்னும் தொடர் ஒரு குறிப்பிட்ட வழக்கத்தைக் குறிக்கிறது. பெற்றோர் குறித்த நாளில், குறித்த தொகையை, கணக்குக் கேளாமல், பிள்ளையின் விருப்பத்துக்கென்று கொடுப்பது அந்த வழக்கம். மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்களில் அது இயல்பாகத் தோன்றியது. கூலியும் வேளாண்மையும் கால்நடையும் சார்ந்த குடும்பத்தில் வருவாய்க்கே குறித்த நாள் இல்லை. அங்கே பிள்ளையின் கைக்கு மட்டும் குறித்த நாளில் காசு வருவதற்கு வழியில்லை. ஆனால் காசு வராமலும் இல்லை. பஸ் காசாக வருகிறது. தீனிக் காசாக வருகிறது. கடைக்குப் போய்வந்த மிச்சச் சில்லறையாக வருகிறது. விருந்துக்கு வந்த மாமன் விடைபெறும்போது கையில் திணிக்கும் தாளாக வருகிறது. விஷுவன்று கைநீட்டமாக வருகிறது. விடுமுறை நாளில் செய்த வேலைக்குக் கூலியாகவும் வருகிறது. இவற்றுள் எதையும் அந்தப் பிள்ளை ‘பாக்கெட் மணி’ என்று அழைப்பதில்லை. ஆகவே ‘பாக்கெட் மணி எவ்வளவு?’ என்ற வினாவுக்கு ‘இல்லை’ என்று விடையளித்தால், அது பொய்யும் அன்று, மறதியும் அன்று. வினாவின் சொல்லுக்கு அளிக்கப்பட்ட சரியான விடை.

பணத்துக்குப் பெயரிடுவதே பணத்தைப் பிரித்து வைக்கும் முறை என்று சமூகவியலாளர் விவியானா செலிசர் 1994இல் வெளியான ‘பணத்தின் சமூகப் பொருள்’ என்னும் நூலில் விரிவாக வாதிட்டார். எல்லா ரூபாயும் ஒரே ரூபாய் என்பது ஏட்டளவிலான பொருளியல். வீட்டுக்குள் பஸ் காசு வேறு, கைநீட்டம் வேறு. பஸ் காசில் மிச்சம் பிடித்தால் அது பிள்ளையின் திறமை. அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்று பிள்ளை கருதலாம். கைநீட்டத்தைச் செலவழிக்கலாமா, உண்டியலில் போட வேண்டுமா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறலாம். பெயர் மாறும்போது செலவழிக்கும் உரிமையும் மாறுகிறது. செலவுப் பழக்கத்தை ஆராய்பவர் இந்தப் பெயர்களை ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டால், தான் தேடிவந்த பொருளையே தொலைத்துவிடுகிறார்.

இருமொழி எல்லையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஒரே ஒலியுடைய சொல் இரு மொழிகளிலும் இருந்து, பொருள் சற்றே விலகியிருந்தால் வினா வழுக்கிவிடும். ‘பாக்கி’ என்பதை எடுத்துக்கொள்வோம். தமிழில் கடைக்காரரோடு பேசும்போது ‘பாக்கி எவ்வளவு?’ என்றால் பெரும்பாலும் நாம் தர வேண்டிய நிலுவை. மலையாளத்தில் அதே சொல் கையில் மிஞ்சியதை, கடைக்காரர் திருப்பித் தரும் சில்லறையை இயல்பாகக் குறிக்கும். ‘வார இறுதியில் உன் பாக்கி எவ்வளவு?’ என்று வினாநிரலில் அச்சிட்டால், ஒரு மாணவர் கையிருப்பை எழுதுவார், அடுத்த மாணவர் கடனை எழுதுவார். இரண்டும் ஒரே பத்தியில் எண்களாக நிற்கும். எந்தப் புள்ளியியல் மென்பொருளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

‘செலவு’ என்னும் சொல் இன்னும் வழுக்கலானது. பொதுத் தமிழில் அது பணம் போவதைக் குறிக்கிறது. கொங்கு வட்டாரத்தில் மிளகு, சீரகம், மல்லி முதலிய சமையல் சாமான்களுக்கும் ‘செலவு’ என்றே பெயர். ‘செலவு ரசம்’ அப்படிப் பெயர் பெற்றதே. மலையாளப் பேச்சு வழக்கில் ‘செலவு செய்யணும்’ என்று நண்பர்கள் வற்புறுத்தினால், தேர்வில் வென்றவரோ பிறந்தநாள் கொண்டாடுபவரோ அவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும் என்று பொருள். கொங்குத் தமிழும் மலையாளமும் சந்திக்கும் பெருமாட்டியில் ‘இந்த வாரம் என்ன செலவு செய்தாய்?’ என்று கேட்பவர் மூன்று வெவ்வேறு விடைகளுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். ‘எதற்கெல்லாம் காசு கொடுத்தாய்?’ என்று கேட்டால் இந்தக் குழப்பம் நீங்கும். ‘கொடுத்தல்’ இங்கே வழுக்காத வினை.

சொற்களைத் தொகுத்த பிறகு, அந்தக் காசுகள் எந்த விதிகளால் உருவாகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கேரளத்தில் தனியார் பேருந்துகளில் மாணவருக்கான குறைந்த அளவு சலுகைக் கட்டணம் ஒரு ரூபாய். 2022 மே மாதம் பொதுப் பயணியின் குறைந்த அளவுக் கட்டணம் எட்டிலிருந்து பத்து ரூபாயாக உயர்ந்தபோதும் மாணவர் கட்டணம் உயரவில்லை. எல்லைக்கு அப்பால் தமிழகத்தில் பள்ளி மாணவருக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. ஆகவே மலையாளக் கரையில் ‘பஸ் காசு’ என்றொரு தினசரி வரவு இருக்கிறது. அதில் மிச்சம் பிடிக்கவும் இடமிருக்கிறது. தமிழகக் கரையில் அந்த வரவே பெருமளவு இல்லை. உணவிலும் இப்படித்தான். கேரளப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும் உரியது; தமிழகத்தின் சத்துணவுத் திட்டம் பத்தாம் வகுப்பு வரை நீள்கிறது. பெருமாட்டியில் எட்டாம் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் ஒப்பிட்டு, ‘வயது கூடக் கூடப் பிள்ளைகள் உணவுக்குக் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள்’ என்று ஒருவர் முடிவெழுதினால், அவர் வயதின் விளைவை அளந்தாரா, திட்டத்தின் எல்லைக்கோட்டை அளந்தாரா என்று கேட்க வேண்டியிருக்கும்.

அடுத்தது காலம். எத்தனை நாளைய செலவைக் கேட்பது? இதை ஒரு சிறு நுட்பச் சிக்கல் என்று நினைப்பவர்கள், இந்தியப் பொருளியலின் மிகப்பெரிய அளவீட்டுத் தகராறு இதிலிருந்தே எழுந்தது என்பதை நினைவுகூர வேண்டும். தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நெடுங்காலமாகக் குடும்ப நுகர்வை முப்பது நாள் நினைவின் அடிப்படையில் கேட்டுவந்தது. 1990களின் நடுவில் 51 முதல் 54 வரையிலான சுற்றுகளில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களிடம் பழைய முறையிலும், மற்றொரு பகுதியிடம் உணவுக்கு ஏழு நாள் நினைவு, அரிய செலவுகளுக்கு ஓராண்டு நினைவு என்ற புதிய முறையிலும் கேட்டார்கள். புதிய முறையில் நுகர்வு உயர்ந்தது. அதன்படி கணக்கிட்டால் வறியவர் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாட்டில் எதுவும் மாறவில்லை; கேள்வியில் இருந்த நாள்களின் எண்ணிக்கை மட்டுமே மாறியது.

அதன் பிறகு 1999–2000இல் நடந்த 55ஆம் சுற்றில் ஏழு நாள், முப்பது நாள் ஆகிய இரண்டையும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்த பத்திகளில் கேட்டார்கள். ஒரு விடையைச் சொன்னவர் அடுத்த விடையை அதற்கு இசைவாக்கிச் சொல்வது மனித இயல்பு. எனவே முப்பது நாள் எண்ணும் முந்தைய சுற்றுகளோடு ஒப்பிட முடியாததாயிற்று. வறுமை விழுக்காடு 1993–94இல் 36 ஆக இருந்து 26 ஆகக் குறைந்தது என்ற அரசுக் கணக்கு உண்மையா என்று ஆங்கஸ் டீட்டன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தனர். இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்த ஆய்வுக்கே இந்நிலை என்றால், அறுபது மாணவர்களிடம் ‘மாதத்துக்கு எவ்வளவு?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டு நகர்வது எப்படித் தகும்? மாதம் என்பது சம்பளக்காரரின் அலகு. பள்ளிப் பிள்ளையின் அலகு நாள், கூடிப்போனால் வாரம்.

ஆகவே நான் முன்வைக்கும் முறை எளிது. ஒவ்வொரு மாணவருக்கும் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு சிறு குறிப்பேடு, பதினான்கு நாள்களுக்கு. நாளொன்றுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேற்பாதியில் ‘கைக்கு வந்தது’, கீழ்ப்பாதியில் ‘கையைவிட்டுப் போனது’. ஒவ்வொரு வரியிலும் தொகையும், யார் தந்தார் அல்லது யாருக்குப் போனது என்பதும், எந்தப் பெயரில் என்பதும் இருக்க வேண்டும். முதல் நாளும் ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் கையில் உள்ள காசை மாணவரே எண்ணி எழுத வேண்டும். அப்போது எந்தப் பள்ளிக் கணக்காசிரியரும் சொல்லித்தரும் ஒரு சமன்பாடு ஆய்வாளருக்குக் காவலாக நிற்கும்: தொடக்க இருப்பு + வரவு − போனது = இறுதி இருப்பு. சமன்படாத இடத்தில்தான் செய்தி இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர். வாரத் தொடக்கத்தில் கையில் 35 ரூபாய். பள்ளி நாள் ஐந்திலும் அம்மா பஸ் காசாகப் பத்துப் பத்து ரூபாய் தருகிறார், மொத்தம் 50. இருமுறை கடைக்குப் போய்வந்ததில் மிச்சம் 13. ஊரிலிருந்து வந்த மாமன் தந்தது 100. ஞாயிற்றுக்கிழமை பூக்கட்டியதற்குக் கூலி 60. ஆக வரவு 223 ரூபாய். போனவை: பஸ்ஸுக்கு 20, தின்பண்டங்களுக்கு 55, குறிப்பேடும் பேனாவும் 30, அண்ணனின் கைப்பேசி ரீசார்ஜுக்குப் பங்காக 50, அம்மாவிடம் கொடுத்தது 80. ஆகப் போனது 235. முப்பத்தைந்தோடு 223ஐக் கூட்டி 235ஐக் கழித்தால் 23 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 13தான் இருக்கிறது. விடுபட்ட பத்து ரூபாய் எங்கே என்று மெல்லக் கேட்டால், தோழிக்குக் கைமாற்றாகக் கொடுத்தது நினைவுக்கு வருகிறது. கைமாற்று செலவும் அன்று, சேமிப்பும் அன்று. அந்த வயதினரிடையே ஓடும் ஒரு சிறு கடன் வலை அது. வினாநிரலில் அதற்குக் கட்டமே இருப்பதில்லை.

இந்த ஒரே மாணவியை மூன்று வகையாக அளக்கலாம். ‘பாக்கெட் மணி உண்டா?’ என்று கேட்டால் விடை சுழியம். ‘வீட்டில் வாடிக்கையாகத் தருவது எவ்வளவு?’ என்றால் வாரத்துக்கு ஐம்பது. ‘கைக்கு வந்தது எவ்வளவு?’ என்றால் 223. அதிலிருந்து பஸ்ஸுக்குப் போன இருபதையும் வீட்டுக்குக் கொடுத்த எண்பதையும் நீக்கினால், தன் விருப்பத்துக்கு எஞ்சியது 123. இந்த எண்களுள் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. ஆய்வுவினா எதுவோ, அதற்குரிய எண்ணும் அதுவே. பெற்றோரின் ஈகையை ஆராய்பவருக்கு ஒன்று, பிள்ளையின் தெரிவை ஆராய்பவருக்கு மற்றொன்று. உறுப்புகளாகப் பிரித்துத் தொகுத்தவர் பின்னர் வேண்டியபடி கூட்டிக்கொள்ளலாம். கூட்டுத்தொகையை மட்டும் கேட்டவரால் ஒருபோதும் பிரிக்க முடியாது.

குறிப்பேட்டில் ஒரு மூன்றாம் பகுதியும் வேண்டும். அப்பாவின் கைப்பேசியில் யுபிஐ வழியாகக் கடைக்காரருக்கு நாற்பது ரூபாய் போய், தின்பண்டம் மட்டும் பிள்ளையின் கைக்கு வருவது இன்று அன்றாட நிகழ்ச்சி. அந்த நாற்பது கைக்கு வரவும் இல்லை, கையைவிட்டுப் போகவும் இல்லை. ஆனால் தெரிவு பிள்ளையுடையது. இதை ‘பிறர் செலுத்தியது’ என்று தனியே எழுதி, சமன்பாட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். இல்லையேல் காசாகப் பெறும் பிள்ளை கூடுதலாகச் செலவழிப்பதாகவும், கைப்பேசி வழியே பெறும் பிள்ளை சிக்கனமானவராகவும் ஆய்வு சொல்லிவிடும்.

எந்தப் பதினான்கு நாள் என்பதும் முடிவு செய்யப்பட வேண்டியது. பள்ளி வழியாக நடத்தும் ஆய்வு சூன் முதல் மார்ச்சு வரைதான் நடக்கும். கைநீட்டம் தரும் விஷு ஏப்ரல் நடுவில், கோடை விடுமுறையில் வருகிறது. ஆண்டின் பெரிய வரவுகளுள் ஒன்றாக இருக்கக்கூடிய அது பள்ளி ஆய்வாளரின் கண்ணில் படவே படாது. அருகிலுள்ள முதலமடைப் பகுதியின் மாங்காய்ப் பருவமும் ஆண்டின் முதல் மாதங்களில் தொடங்கிக் கோடைக்குள் நீள்கிறது. எனவே ஆண்டுத் தொகையை மதிப்பிடும் ஆசையைச் சிறு ஆய்வு கைவிட வேண்டும். ‘பள்ளி நடக்கும் இயல்பான இரு வாரங்கள்’ என்று எல்லையை வெளிப்படையாக வரைந்துகொள்வதே நேர்மை.

இனி அறுபது என்னும் எண்ணுக்கு வருகிறேன். வாரச் செலவின் திட்டவிலக்கம் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். இருபாலரிலும் முப்பது முப்பது பேர் என்றால், இரு சராசரிகளின் வேறுபாட்டுக்குத் திட்டப்பிழை ஏறக்குறைய 31 ரூபாய். வழக்கமான ஐந்து விழுக்காடு மட்டத்தில், எண்பது விழுக்காடு நிகழ்தகவோடு ஒரு வேறுபாட்டைக் கண்டறிய அது அந்தத் திட்டப்பிழையைப் போல 2.8 மடங்காவது இருக்க வேண்டும். அதாவது சுமார் 87 ரூபாய். வாரச் சராசரியே நூற்றுச் சொச்சமாக இருக்கும் இடத்தில், 87 ரூபாய்க்குக் குறைந்த வேறுபாட்டை இந்த ஆய்வு நம்பகமாகக் காணாது. ‘ஆண் பெண் வேறுபாடு இல்லை’ என்று எழுதினால், ‘எங்கள் கண்ணாடிக்குத் தெரியவில்லை’ என்பதே அதன் பொருள்.

தமிழ் வழிப் பள்ளி ஒன்றையும் மலையாள வழிப் பள்ளி ஒன்றையும் ஒப்பிடும் ஆசை இன்னும் ஆபத்தானது. ஒவ்வொன்றிலும் முப்பது பேரைக் கேட்டாலும், ஒப்பிடப்படுவது ஒரு பள்ளியும் இன்னொரு பள்ளியுமே. பள்ளி வாசலில் கடை உண்டா, பேருந்து எங்கே நிற்கிறது, எந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்பன எல்லாம் ‘பயிற்று மொழி’ என்ற பெயருக்குள் புகுந்துகொள்ளும். எல்லைப்புற ஆய்வுகளில் மொழியின் மேல் ஏற்றப்படும் வேறுபாடுகளுள் எத்தனை இப்படி வாசல் கடையின் வேறுபாடுகளோ என்று ஐயுற இடமிருக்கிறது.

ஆனால் அறுபது பேரால் நன்றாக விடையளிக்கக்கூடிய ஒரு வினா உண்டு. அது வினாவைப் பற்றிய வினா. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் ‘பாக்கெட் மணி எவ்வளவு?’ என்ற வழக்கமான படிவத்தையும், மறுபாதிக்குக் காசின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்கும் படிவத்தையும் கொடுக்கலாம். பின்னர் இருவருக்கும் ஒரே குறிப்பேடு. குலுக்கல் வகுப்புக்குள்ளேயே நடப்பதால் பள்ளி வேறுபாடு குறுக்கே வராது. எந்தப் படிவத்தின் விடை அதே மாணவரின் குறிப்பேட்டுக்கு அருகில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். வேறுபாடு நான் எதிர்பார்ப்பதுபோல் பெரிதாக இருந்தால், சிறு மாதிரியிலும் அது தெரியும். தெரியாவிட்டால், இப்பதிவின் வாதம் அந்த அளவுக்கு வலுவிழக்கும். அப்படி வலுவிழக்கக்கூடிய வாதமாக இருப்பதே அதற்கு அழகு.

குறிப்பேட்டு முறைக்கும் நோய்கள் உண்டு. முதல் சில நாள் ஆர்வமாக எழுதுவார்கள். பிறகு வரிகள் குறையும். இதைக் கண்டறிய, நாள்வாரியாக வரிகளின் எண்ணிக்கையை எண்ண வேண்டும். முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரம் வரிகள் சரிந்து, கையிருப்புச் சமன்பாட்டின் இடைவெளி பெருகினால் அது சோர்வு. வரிகள் சரிந்தும் இடைவெளி பெருகவில்லை என்றால் செலவே குறைந்திருக்கலாம். எழுதத் தொடங்கியதும் சிக்கனம் பிடிக்கும் பிள்ளைகளும் உண்டு. எல்லாத் தொகைகளும் பத்திலும் ஐம்பதிலும் முடிந்தால், அது அன்றன்று எழுதப்பட்டதன்று. கடைசி நாள் மொத்தமாக நிரப்பியது. பஸ் கட்டணமும் மிட்டாய் விலையும் ஒற்றை இலக்கத்தில் இருக்கும் ஊரில் முழு எண்கள் மட்டுமே கொண்ட குறிப்பேட்டை நம்பக்கூடாது.

இவ்வளவு நுணுக்கம் ஒரு சிறு ஆய்வேட்டுக்குத் தேவையா என்று கேட்பவர்களுக்கு, சுழியம் என்னும் விடையை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வழக்கமான படிவத்தில் ‘பாக்கெட் மணி இல்லை’ என்று குறியிட்டவர்களுக்கு என்ன நேர்கிறது? ‘இல்லை எனில் பதினைந்தாம் வினாவுக்குச் செல்க’ என்ற குறிப்பு அவர்களைச் செலவு வினாக்களுக்கு வெளியே அனுப்பிவிடுகிறது. பகுப்பாய்வில் அவர்கள் ‘பெறாதோர்’ என்று ஒதுக்கப்படுகிறார்கள். யார் அவர்கள்? வாடிக்கையான தொகை தர இயலாத குடும்பத்துப் பிள்ளைகள். பெருமாட்டியில் எரவாளர் குடியிருப்புகளிலிருந்தும் கூலித் தொழிலாளர் வீடுகளிலிருந்தும் வருபவர்கள் அந்தக் கட்டத்தில் மிகுதியாக விழ வாய்ப்புண்டு. விடுமுறையில் உழைத்துக் கூலி பெறுபவரும், அதில் பாதியை வீட்டரிசிக்குக் கொடுப்பவரும், பத்து ரூபாயை எதற்குச் செலவிடலாம் என்று மற்றெவரையும்விட நன்றாக அறிந்தவரும் அவர்களே. பதின்ம வயதினரின் பொருளியல் அறிவைத் தேடிப் போன ஆய்வு, அந்த அறிவு மிகுந்தவர்களை முதல் வினாவிலேயே வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. எஞ்சியோரின் சராசரியை எடுத்து ‘இப்பகுதி மாணவர்கள் தின்பண்டத்துக்கே பெரும்பங்கு செலவிடுகிறார்கள்’ என்று எழுதும்போது, அப்பகுதியின் ஒரு பாதியைப் பற்றி மட்டுமே எழுதுகிறது. பிறகு சிக்கனம் கற்பிக்கும் பரிந்துரையும் பின்னிணைப்பாக வருகிறது.

இதே காரணத்தால் படிவத்தை வகுப்பறையில் கூட்டமாக நிரப்பச் செய்வதையும் கைவிட வேண்டும். பக்கத்து இருக்கைப் பிள்ளை ‘ஆயிரத்துக்கு மேல்’ என்று குறியிடுவதைப் பார்த்த பிள்ளை தன் விடையை உயர்த்தும், அல்லது மனம் சுருங்கும். இரண்டுமே கேடு. பெற்றோரின் எழுத்து ஒப்புதலோடு பிள்ளையின் தனி ஒப்புதலும் வேண்டும். குறிப்பேட்டில் பெயர் கூடாது, எண் மட்டும் போதும். எழுத விரும்பாத செலவுக்கு ‘சொல்ல விரும்பவில்லை’ என்று தொகையை மட்டும் எழுத இடமிருக்க வேண்டும். அப்போது சமன்பாடும் கெடாது, பிள்ளையின் மறைவிடமும் காக்கப்படும். ஆசிரியரோ பெற்றோரோ குறிப்பேட்டைப் பார்க்கக்கூடாது என்பதை அவர்களிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மிச்சம் பிடித்த பஸ் காசு அம்மாவுக்குத் தெரியவந்தால், அடுத்த வாரம் அந்த வரவே நின்றுவிடக்கூடும். ஆய்வாளர் அளக்கப் போய் அழித்ததாகிவிடும்.

‘ஊருக்கு ஊர் பெயர்களை மாற்றிக் கேட்டால் ஒப்பீடு எப்படி?’ என்பது பொருளியல் துறை நண்பர் ஒருவர் எழுப்பிய தடை. வலுவான தடைதான். ஆனால் ஒரே சொல்லால் கேட்பதால் ஒப்பீடு வந்துவிடாது. சென்னையில் ‘பாக்கெட் மணி’ என்பதற்கு ஒரு பொருளும் பெருமாட்டியில் பொருளின்மையும் இருந்தால், சொல் ஒன்றாயிருந்தும் அளவு வேறாகிறது. பெயர்கள் ஊருக்கு ஊர் மாறலாம்; அவற்றைத் தொகுக்கும் வகைகள் மாறத் தேவையில்லை. வீட்டிலிருந்து வாடிக்கையாக வருவது, குறித்த நோக்கத்துக்குத் தந்து மிஞ்சியது, உறவினர் கொடை, உழைப்பின் கூலி, பிறர் செலுத்தியது என்னும் ஐந்து வகைகளுக்குள் எல்லா ஊர்ப் பெயர்களையும் அடக்கலாம். ஒப்பீடு அந்த ஐந்தில் நிகழட்டும். வினா ஊர்ச்சொல்லில் நிகழட்டும்.

இதற்கு ஆகும் கூடுதல் உழைப்பு, களத்துக்குப் போகும்முன் ஒரு வாரம். கடைக்காரர், நடத்துநர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரிடம் காசின் பெயர்களைக் கேட்டுத் தொகுக்கும் வாரம் அது. இந்த ஆண்டு ஆய்வேடு எழுதவிருக்கும் மாணவர்கள் தம் வினாநிரலின் முதல் பக்கத்தை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் தம் களத்து ஊரில் யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்று எழுதிப் பார்க்கட்டும். ஒருவரும் சொல்லாத சொல் வினாவில் இருந்தால், அந்த வினாவை அடித்துவிடலாம்.